கறுப்புக்கு முன்னால் செம்பு

வீட்டுக்குள் பார்க்கும்போது அக்கா மகளின் பின்னலில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு அவள் வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பியபோதுதான் கவனித்தேன். கறுப்புக்கு நடுவே கோடு கோடாக ஒரு நிறம். பழுப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. நாள்பட்ட தண்ணீர்த் தொட்டியின் சுவரில் படிந்த பாசியைப் போல லேசாகப் பச்சை கலந்திருந்தது. வகிட்டுப் பக்கம், அவளுடைய சொந்த முடி மட்டும் இருக்க வேண்டிய இடத்தில், செம்பட்டை ஓடியிருந்தது.

“தெரியுதா சித்தி?” என்றாள். நன்றாகவே தெரிந்தது.

பதினான்கு மாதங்களுக்கு முன்னால் பார்லரில் தேன் நிறத்தில் ஹைலைட்ஸ் போட்டிருந்தாள். போட்ட புதிதில் அழகாகத்தான் இருந்தது. பிறகு வேலை மாறியது. மாதாமாதம் போய்ப் பராமரிக்க முடியவில்லை. வேர் வளர்ந்து கறுப்பு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இறங்கிவிட்டது. அதற்குக் கீழே இருந்த தேன் நிறம் வெளுத்து வைக்கோலாகிக்கொண்டே வந்தது. பழையபடி ஒரே கறுப்பாக இருந்தால் போதும் என்று நினைத்து, கடையில் அடர்பழுப்பு டை ஒரு டப்பா வாங்கி, வேரிலிருந்து நுனி வரை தானே பூசிக்கொண்டாள். அன்று சாயங்காலம் எல்லாம் ஒரே நிறமாக இருந்ததாம். நான்கே வாரத்தில் கோடுகள் திரும்பி வந்துவிட்டன, முன்பைவிட மோசமான நிறத்தில்.

வெளுத்த துணியைக் கறுப்பில் முக்கினால் கறுப்பாகிவிடும்; முடி மட்டும் ஏன் ஆகாது? இந்தக் கேள்வியோடுதான் அவளை அழைத்துக்கொண்டு திருச்சியில் எனக்குப் பல வருடமாகத் தெரிந்த ஒரு பார்லர் அம்மாவிடம் போனேன். நிறம் கெட்டுப்போன தலைகளைச் சரிசெய்வதில் கை தேர்ந்தவர்.

அவர் முதலில் கண்ணாடி முன்னால் உட்கார வைக்கவில்லை. வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிப் போய் அவளுடைய பின்னலை அவிழ்த்தார். “ஏம்மா, வீட்ல போட்டது என்ன டை? டப்பா இருக்கா?” என்று கேட்டார். பிறகு சொன்ன ஒரு விஷயம்தான் மற்ற எல்லாவற்றுக்கும் திறவுகோல்: “இப்ப உன் தலையில ரெண்டு விதமான முடி இருக்கு கண்ணு. ரெண்டுக்கும் ஒரே மருந்தைப் போட்டா ஒரே நிறம் வராது.”

நம் முடியைக் கறுப்பு என்று சொல்கிறோம். வெயிலில் ஒரு இழையை எடுத்துப் பார்த்தால் அதற்குள் சிவப்பும் பழுப்பும் ஓடுவது தெரியும். மெலனின் என்ற நிறமி முடிக்குள் நுண்ணிய மணிகளாக நிறைந்திருப்பதால்தான் அந்தக் கறுப்பு. ப்ளீச் அந்த மணிகளைச் சிதைக்கிறது, ஆனால் எல்லா நிறத்தையும் ஒரே நேரத்தில் அழிப்பதில்லை. கருமை முதலில் போகும். அடியிலிருக்கும் சிவப்பு வெளியே வரும். இன்னும் விட்டால் சிவப்பு தேய்ந்து ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள், கடைசியில் வாழைப்பழத் தோலின் உள்பக்கத்தைப் போன்ற வெளிர்மஞ்சள். பார்லர்களில் இந்த ஏணியை 1 முதல் 10 வரை எண் போட்டு வைத்திருக்கிறார்கள். 1 என்பது கருங்கறுப்பு, 10 மிக வெளிர். என் அக்கா மகளின் சொந்த முடி வெளிச்சத்தில் 2-க்கும் 3-க்கும் இடையில் இருந்தது. ஹைலைட்ஸ் போட்ட இழைகளை அப்போது 8 வரை ஏற்றியிருந்தார்கள். அதாவது அந்த இழைகளில் கருமை மட்டும் போகவில்லை. அதன் அடியிலிருந்த சிவப்பும் ஆரஞ்சின் பெரும்பகுதியும் போய்விட்டன. மிச்சம் மஞ்சள்தான்.

இயற்கையான அடர்பழுப்பு என்பது தனி நிறம் அல்ல. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் சேர்ந்த கலவை. கடை டையில் மூன்றும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அந்தக் கலவையின் அளவு, முடிக்குள் அதன் சொந்தச் சிவப்பும் ஆரஞ்சும் இருக்கும் என்ற கணக்கில் போடப்பட்டது. மஞ்சள் மட்டுமே மிஞ்சியிருக்கும் வெறும் இழையில் அது விழும்போது, கலவையின் நீலச் சாயலும் அடியிலிருக்கும் மஞ்சளும் சேர்ந்துகொள்கின்றன. மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் என்ன என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். மொட்டைமாடியில் நான் பார்த்த பாசிப் பச்சை அதுதான். சாம்பல் சாயல் உள்ள ஷேடை எடுத்திருந்தால் பச்சை இன்னும் தூக்கலாக இருந்திருக்கும்.

ப்ளீச் பட்ட இழையில் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. ஓட்டுக் கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் மேல்செதில்கள் விரிந்து, உள்ளே நிறமி இருந்த இடங்களில் துளைகள் விழுந்து, இழை பஞ்சைப் போல் ஆகிவிடுகிறது. அதனால் சாயத்தை வேகமாக உறிஞ்சி, வேண்டியதைவிட ஒரு படி இருண்டு போகிறது. அதே வேகத்தில் ஒவ்வொரு குளியலிலும் விட்டுவிடவும் செய்கிறது. முதல் நாள் எல்லாம் சரியாகத் தெரிந்ததும் நான்காவது வாரம் கோடு தெரிந்ததும் ஒரே காரணத்தால்தான்.

சரி, வகிட்டில் செம்பட்டை எப்படி வந்தது? அங்கே ப்ளீச் படவே இல்லையே. இதைத்தான் நான் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை. நிரந்தர டை என்று விற்பதில் அம்மோனியாவோ அதைப் போன்ற காரப் பொருளோ இருக்கும். அதோடு கலக்கும் டெவலப்பர் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு, பெரும்பாலும் 6 சதவீதம். இரண்டும் சேர்ந்து சாயத்தை முடிக்குள் உருவாக்குவதோடு, முடியின் சொந்த மெலனினையும் கொஞ்சம் வெளுக்க வைக்கும். டையின் ஷேடு சொந்த முடியைவிட இருட்டாக இருந்தால் அந்த வெளுப்பு மறைந்துவிடும். இவள் பூசியதோ 4 என்ற எண்ணுள்ள அடர்பழுப்பு; இவளுடைய சொந்த முடி அதைவிடக் கறுப்பு. ஆகவே சொந்த முடி கறுப்பிலிருந்து ஒரு பங்கு சிவந்தது, ஹைலைட்ஸ் இழைகள் பச்சையடித்தன. கோட்டை அழிக்கப் போட்ட டை, கோட்டின் இரண்டு பக்கத்தையும் எதிரெதிர்த் திசையில் இழுத்துவிட்டது.

“அப்ப ஒரேயடியாக் கருங்கறுப்பை அடிச்சு விட்டுடலாமே?” என்று என் அக்கா கேட்டாள். பார்லர் அம்மா சம்மதிக்கவில்லை. 1 என்ற எண்ணுள்ள கறுப்பை வெளுத்த இழையில் போட்டால் மையைத் தடவியது போல ஒளியில்லாமல் தட்டையாகத் தெரியும். பக்கத்தில் சிவப்பு ஓடும் இயற்கைக் கறுப்போடு அது சேராது. மறைந்திருக்க வேண்டிய கோடு, கறுப்புக் கோடாகத் தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தக் கறுப்பு பிடிக்காமல் போனால் மேலே இன்னொரு டையைப் பூசி அதை வெளிற வைக்க முடியாது. சாயம் சாயத்தை எடுக்காது. மறுபடி ப்ளீச்தான், ஏற்கனவே நைந்த இழை அதைத் தாங்காது.

அன்றைக்குச் சாயம் எதையும் போடவில்லை. சோதனைகள் மட்டும்தான். முதலில் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். சொந்த முடியில் துளிகள் சற்று நேரம் உருண்டு நின்றன. ஹைலைட்ஸ் இழைகளில் விழுந்தவுடன் காணாமல் போயின. பிறகு நனைந்த இழை ஒன்றை இரண்டு விரல்களுக்கிடையில் மெதுவாக இழுத்தார். நல்ல முடி கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். ரப்பரைப் போல நீண்டுகொண்டே போனாலோ, திரும்பாமல் தொங்கினாலோ, அறுந்தாலோ சாயத்தைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அந்த நுனியை வெட்ட வேண்டும் என்று அர்த்தம். இவளுடையது பெரும்பாலும் திரும்பியது. நுனியில் மூன்று விரல்கட்டை அளவுக்கு மட்டும் தேறாது என்றார், வெட்டச் சம்மதித்தாள்.

காதுக்குப் பின்னால் சாயக் கலவையை ஒரு பொட்டு அளவுக்கு வைத்து 48 மணி நேரம் பார்க்கச் சொன்னார். அடர்நிற டைகள் பலவற்றில் பாரா-ஃபினிலீன்-டையமீன் என்ற பொருளோ அதன் உறவுக்காரப் பொருளோ இருக்கும். சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமையைத் தரும். போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் ஆகாது, ஏனென்றால் இந்த ஒவ்வாமை பழகப் பழக வருவது. அரிப்போ தடிப்போ வந்தால் அந்தச் சாயம் அத்தோடு கைவிடப்பட வேண்டியதுதான்.

மூன்றாம் நாள் காலை போனோம். எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தார். படிந்திருந்ததையெல்லாம் நீக்கும் ஷாம்பூவால் ஒருமுறை அலசி, முடியை முக்கால்வாசி உலர்த்தினார். அடுத்து, வால் சீப்பின் நுனியால் ஹைலைட்ஸ் இழைகளைச் சொந்த முடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, ஃபாயில் தாளுக்குள் வைத்தார். ஹைலைட்ஸ் போடும்போது செய்த அதே பொறுமையான வேலை, இப்போது தலைகீழ்த் திசையில். தலை முழுவதும் பிரித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கூலியில் பெரும்பகுதி இந்த வேலைக்குத்தான், நியாயமும்கூட. இந்த இடத்தில் அவசரப்பட்டால் மற்றது எல்லாம் வீண்.

அந்த இழைகளுக்கு அவர் கலக்கியது பழுப்பே அல்ல, செம்பு நிறம். அடைய வேண்டிய ஷேடு 4. அதைவிட இரண்டு படி வெளிராக 6-இல், செம்பும் கொஞ்சம் தங்கமும் சேர்ந்த ஷேடை எடுத்தார். டியூபில் எண்ணுக்குப் பின்னால் வரும் புள்ளி எண்தான் சாயலைச் சொல்லும். பல கம்பெனிகளில் 3 என்றால் தங்கம், 4 என்றால் செம்பு. எல்லாக் கம்பெனிக்கும் இது பொருந்தாது, அட்டையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அம்மோனியா இல்லாத, முடியை வெளுக்க வைக்காமல் நிறத்தை மட்டும் உள்ளே விடும் வகை. டெவலப்பரும் அதற்கென்றே வரும் வலு குறைந்தது, 3 சதவீதத்துக்கும் கீழே. இப்படி ப்ளீச் பறித்துக்கொண்ட சூட்டு நிறத்தை முதலில் திருப்பிக் கொடுப்பதைத் தொழிலில் ஃபில்லர் போடுவது என்கிறார்கள். பள்ளத்தை நிரவிவிட்டுத்தான் மேலே பூச்சு வேலை என்பது போல.

இருபது நிமிடம் கழித்து ஃபாயிலைப் பிரித்தபோது என் அக்கா மகளின் முகம் மாறிவிட்டது. கேரட் நிறத்தில் தலை முழுக்கக் கோடுகள். “இப்ப பயப்படலேன்னாத்தான் நான் பயப்படணும்” என்றார் பார்லர் அம்மா. இந்தக் கட்டத்தில் அந்த இழைகள் அசிங்கமான ஆரஞ்சாக இருப்பதுதான் சரி. அது மங்கலாக, எங்கேயாவது மஞ்சள் விட்டுப்போய்த் தெரிந்தால் அங்கே அடுத்த நிறம் ஏமாற்றும். பழைய பாசிப் பச்சையும் இந்தச் செம்பில் அடங்கிவிட்டது. சிவப்புக்கு எதிர்நிறம் பச்சை என்பதால் ஒன்றை ஒன்று விழுங்கிக்கொள்ளும்.

என் அக்கா இதைப் பார்த்துவிட்டு, “இது மருதாணி வச்ச நிறம்லடி” என்றாள். அவள் சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. நம் பாட்டிமார் நரையைக் கறுப்பாக்க முதலில் மருதாணி வைத்து, அலசி, பிறகுதான் அவுரிப் பொடியைக் குழைத்து வைப்பார்கள். மருதாணி இலையிலுள்ள சாயம் முடியின் புரதத்தோடு ஒட்டி ஆரஞ்சு தரும். அவுரி நீலம் தரும். இரண்டும் அடுக்காகச் சேரும்போதுதான் பழுப்பும் கறுப்பும். மருதாணி இல்லாமல் அவுரியை மட்டும் வெளுத்த முடியில் வைத்தால் நீலப்பச்சைதான் கிடைக்கும். ஃபில்லரின் தத்துவமும் இதுவேதான்: சிவப்பு அடியில், கருமை மேலே.

அப்படியானால் ஹைலைட்ஸ் போட்டவர்கள் மருதாணியும் அவுரியுமே வைத்துக்கொள்ளலாமா? சுத்தமான இலைப்பொடியாக இருந்தால் வைக்கலாம். ஆனால் வைத்தபின் மனம் மாறி மறுபடி வெளுக்க நினைத்தால், அவுரி பச்சையாக மாறிப் பிடிவாதமாக நின்றுவிடும். கடையில் கறுப்பு மருதாணி என்று விற்கும் பொடிகள் வேறு விஷயம். அவற்றில் பலவற்றில் நான் மேலே சொன்ன ரசாயன டையே கலந்திருக்கும். சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கும். அந்த முடியில் பின்னால் பெராக்சைடு பட்டால் சூடேறி இழை முறிந்துபோகும். எனவே பார்லருக்குப் போகிறவர்கள் தலையில் எப்போதோ வைத்த பொடியைக்கூட மறைக்காமல் சொல்ல வேண்டும்.

செம்பை அலசி, துண்டால் ஒற்றி எடுத்தபின் 4 என்ற இயல்பான பழுப்பு, அதுவும் அம்மோனியா இல்லாத அதே வகை. அவளுடைய சொந்த முடி 2-க்கும் 3-க்கும் நடுவில்தானே இருக்கிறது, ஏன் 3 போடவில்லை என்று கேட்டேன். பஞ்சான இழை ஒரு படி இருட்டாகத்தான் காட்டும், 4 போட்டால் அது 3 ஆகத் தெரியும் என்றார். வார்த்தையை நம்பி நேராகப் பூசிவிடவும் இல்லை. பின்கழுத்தில் ஒரே ஒரு இழையில் வைத்து, பத்து நிமிடத்தில் துடைத்து, உலர்த்தி, பக்கத்துச் சொந்த முடியோடு சேர்த்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஈரத்தில் எல்லா நிறமும் இருட்டாகத் தெரியும் என்பதால் உலர்த்தாமல் முடிவெடுக்கக் கூடாது.

இழை பொருந்தியது. பிறகு ஹைலைட்ஸ் இழைகள் முழுவதும் பூசி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றிரண்டைத் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நுனிப்பக்கம் மிக வேகமாக வாங்கும் என்பதால் அங்கே கடைசியில் வைத்தார். கடைசி ஐந்து நிமிடம் மட்டும், சொந்த முடியையும் சேர்த்து அகலச் சீப்பால் வாரிவிட்டார். அதில் சொந்த முடியின் நிறம் மாறாது. முன்பு வகிட்டில் ஏறிய செம்பட்டை அடங்கும், இரண்டு வித முடியும் ஒரே மாதிரி பளபளக்கும். கோடு தெரியாமல் போவதில் பாதி வேலை இந்தப் பளபளப்புக்குத்தான். நிறம் ஒன்றாக இருந்தாலும் ஒரு இழை ஒளியைத் திருப்பி அனுப்பி, பக்கத்து இழை விழுங்கிக்கொண்டால் கண் அதைக் கோடாகத்தான் படிக்கும்.

காலை பத்து மணிக்குப் போனவர்கள் எழுந்தபோது இரண்டு மணி. அவளை வாசலுக்குக் கூட்டிப் போய்ப் பின்னால் நின்று பார்த்தேன். கண் எங்கும் இடறாமல் இறங்கியது.

இரண்டு நாள் தலைக்கு ஊற்றக் கூடாது என்றார். பிறகும் சுடுதண்ணீர் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் ஷாம்பூ வேண்டாம். அவள் குடியிருக்கும் வீட்டில் போர் தண்ணீர். உப்பும் இரும்பும் அதிகம். துளை விழுந்த இழை அதையெல்லாம் உறிஞ்சிவைத்துக்கொண்டு செம்பட்டையாகவும் முரடாகவும் ஆகும். ஆகவே கடைசி அலசலுக்கு மட்டுமாவது குடிதண்ணீர் ஒரு சொம்பு. தேங்காய் எண்ணெயைக் குளிப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் வைக்கச் சொன்னார். அது முடிக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்பதை 2003-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு காட்டியிருக்கிறது. கனிம எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் அந்தக் குணம் இல்லை.

இந்த நிறமும் மங்கும். பஞ்சான இழை பஞ்சானதுதான். அதற்குள் சாயத்தைப் பிடித்து வைக்கும் பழைய கட்டமைப்பு திரும்பி வராது. வித்தியாசம் என்னவென்றால், அடியில் செம்பு இருப்பதால் மங்கும்போது பச்சையடிக்காது, இளம்பழுப்பாகத்தான் இறங்கும். ஐந்தாறு வாரத்தில் அந்த இழைகளுக்கு மட்டும் இன்னொரு சுற்று போட வேண்டும். வேரைத் தொடவே தேவையில்லை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். இடுப்பு வரை 60 சென்டிமீட்டர் என்று வைத்தால், ப்ளீச் பட்ட முடி முழுவதும் வெட்டுப்பட்டுப் போக, ஹைலைட்ஸ் போட்ட நாளிலிருந்து நான்கு வருடம். அவளுக்கு அதில் பதினான்கு மாதம் கழிந்துவிட்டது.

ஆறாவது வாரம் மறுபடி மொட்டைமாடியில் அவளை வெயிலில் திருப்பி நிறுத்திப் பார்த்தேன். பின்னல் முழுக்க ஒரே கறுப்புப்பழுப்பு. இடது காதுக்குப் பின்னால் மட்டும், தீக்குச்சி கனத்தில் ஓர் இழை தேன் நிறத்தில் மின்னியது. பிரித்தெடுக்கும்போது சொந்த முடிக்குள் ஒளிந்து தப்பித்திருக்கிறது. அதை ஒரு சிவப்பு நூலால் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டு, அடுத்த சுற்றுக்குப் பார்லர் அம்மாவிடம் காட்டப் போனாள்.